இணையதள இடமாற்றப் பணிப்பட்டியல்: புதிய சர்வருக்கு மாறும் நாள் 14 ஜூன் 2025, சனி

நிலவரம்: 11 ஜூன் 2025, புதன், காலை 10 மணி

| | |
|---|---|
| முன்னேற்றம் (மணிக்கணக்கில்) | ████████░░░░░░░░░░░░ 44% |
| முடிந்த வேலை | 45 மணியில் 20 மணி |
| முடிந்த பணிகள் | 18-ல் 7 (எண்ணிக்கைப்படி 39%) |
| 🟥 கெடு தாண்டியவை | 2 பணி, 10 மணி வேலை |
| 🟨 இன்றும் நாளையும் கெடு | 3 பணி, 6 மணி வேலை |

குழு ஐந்து பேர்: ஒருங்கிணைப்பு, தொழில்நுட்பம், உள்ளடக்கம், வடிவமைப்பு, சோதனை. ஒரு பணிக்கு ஒரே பொறுப்பாளர். வேறு யார் கைகொடுத்தாலும், டிக் போடுவதும் கேள்விக்குப் பதில் சொல்வதும் பொறுப்பாளர்தான்.

| வரி | ✓ | பணி | பொறுப்பு | மணி | கெடு | நிலை |
|---|---|---|---|---|---|---|
| 6 | ☑ | பழைய தளத்தின் எல்லாப் பக்க முகவரிகளையும் பட்டியலெடுத்தல் | உள்ளடக்கம் | 4 | 2 ஜூன் | முடிந்தது |
| 7 | ☑ | கோப்புகள், தரவுத்தளம் இரண்டுக்கும் முழு பேக்கப் | தொழில்நுட்பம் | 3 | 3 ஜூன் | முடிந்தது |
| 8 | ☑ | அந்த பேக்கப்பைப் புதிய சர்வரில் மீட்டுத் திறந்து பார்த்தல் | தொழில்நுட்பம் | 3 | 4 ஜூன் | முடிந்தது |
| 9 | ☑ | மென்பொருள் பதிப்புகள் இரு சர்வரிலும் பொருந்துகின்றனவா எனச் சரிபார்த்தல் | தொழில்நுட்பம் | 2 | 4 ஜூன் | முடிந்தது |
| 10 | ☑ | சோதனைத் தளத்துக்கு `noindex` போடுதல் | தொழில்நுட்பம் | 1 | 5 ஜூன் | முடிந்தது |
| 11 | ☑ | படங்களின் கோப்பளவைக் குறைத்தல் | வடிவமைப்பு | 5 | 6 ஜூன் | முடிந்தது |
| 12 | ☑ | மின்னஞ்சல் பதிவுகளை (`MX`, `SPF`, `DKIM`) நகலெடுத்து வைத்தல் | தொழில்நுட்பம் | 2 | 6 ஜூன் | முடிந்தது |
| 13 | ☐ | 🟥 பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 திருப்பிவிடல் பட்டியல் | உள்ளடக்கம் | 8 | 9 ஜூன் | 2 நாள் தாண்டியது |
| 14 | ☐ | 🟥 தொடர்புப் படிவம் புதிய சர்வரிலிருந்து அஞ்சல் அனுப்புகிறதா | சோதனை | 2 | 10 ஜூன் | 1 நாள் தாண்டியது |
| 15 | ☐ | 🟨 முக்கியமான 12 பக்கங்களைக் கைப்பேசியில் பார்த்தல் | சோதனை | 4 | 11 ஜூன் | இன்று கெடு |
| 16 | ☐ | 🟨 `TTL` மதிப்பை 86400-லிருந்து 300-ஆகக் குறைத்தல் | தொழில்நுட்பம் | 1 | 12 ஜூன் | நாளை கெடு |
| 17 | ☐ | 🟨 பயனர்களுக்குப் பராமரிப்பு அறிவிப்பு | ஒருங்கிணைப்பு | 1 | 12 ஜூன் | நாளை கெடு |
| 18 | ☐ | பழைய தளத்தில் புதிதாக எதையும் ஏற்றாமல் நிறுத்துதல் | உள்ளடக்கம் | 1 | 13 ஜூன் | |
| 19 | ☐ | தரவுத்தளத்தின் கடைசி நகல் | தொழில்நுட்பம் | 2 | 14 ஜூன் | |
| 20 | ☐ | `A`, `AAAA` பதிவுகள் இரண்டையும் மாற்றுதல் | தொழில்நுட்பம் | 1 | 14 ஜூன் | |
| 21 | ☐ | பாதுகாப்புச் சான்றிதழ்: `www` உடனும் இல்லாமலும் சரிபார்த்தல் | சோதனை | 1 | 14 ஜூன் | |
| 22 | ☐ | `noindex`-ஐ நீக்குதல் | தொழில்நுட்பம் | 1 | 14 ஜூன் | |
| 23 | ☐ | 404 பதிவேட்டைப் பார்த்துத் திருத்துதல், `TTL`-ஐப் பழையபடி 86400 ஆக்குதல் | தொழில்நுட்பம் | 3 | 17 ஜூன் | |

சிவப்பில் இருப்பவை

வரி 13: மொத்தம் 214 முகவரிகள், 131-க்குப் புதிய முகவரி எழுதியாயிற்று, மீதம் 83. எட்டு மணி வேலையை ஒரே வரியாகப் போட்டது பட்டியல் போட்டவர் தவறு. பாதிக்கு மேல் முடிந்தும் பட்டையில் ஒரு கட்டம்கூட நகரவில்லை. மீதமுள்ளதை உள்ளடக்கமும் வடிவமைப்பும் பிரித்துக்கொண்டு இன்று மாலை 5 மணிக்குள் முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிட்டு முடித்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். அது கூடாது. வந்தவர் தேடிய பக்கம் கிடைக்காது, தேடுபொறியும் அதைக் காணாமல் போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

வரி 14: படிவம் "அனுப்பப்பட்டது" என்கிறது, அஞ்சல் வரவில்லை. புதிய சர்வரில் 25-ஆம் போர்ட் வெளிப்பக்கம் அடைபட்டிருக்கிறது. வாடகை சர்வர்களில் இது சகஜம். தொழில்நுட்பம் இன்று மதியத்துக்குள் 587-ஆம் போர்ட் வழியாக, பயனர்பெயர், கடவுச்சொல்லுடன் அனுப்பும்படி மாற்றித் தரும். அதன் பிறகு சோதனை மூன்று வெவ்வேறு அஞ்சல் சேவைகளுக்கு அனுப்பிப் பார்த்து, ஸ்பேம் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு டிக் போட வேண்டும்.

எப்போது டிக் போடலாம்

வரி 15: 12 பக்கங்களும் இரண்டு கைப்பேசிகளில், ஒரு தடவை வைஃபையிலும் ஒரு தடவை மொபைல் டேட்டாவிலும் திறந்திருக்க வேண்டும். கணினித் திரையைச் சுருக்கிப் பார்ப்பது கணக்கில் வராது.

வரி 16: பழைய மதிப்பு 86400 நொடி, அதாவது 24 மணி நேரம். 300 என்று மாற்றிய பிறகும், ஏற்கெனவே பழைய பதிலை வாங்கி வைத்திருக்கும் இடங்கள் 24 மணி நேரம் வரை அதையே சொல்லும். அதனால்தான் கெடு 13 இல்லை, 12.

வரி 18, 19: கடைசி நகல் எடுத்த பிறகு பழைய தளத்தில் யாராவது எதையாவது பதிந்தால் அது புதிய தளத்தில் இருக்காது. 13 ஜூன் இரவு 9 மணிக்குப் பழைய தளம் 'படிக்க மட்டும்' நிலைக்குப் போகும். படிவமும் அப்போதே மூடப்படும்.

வரி 20: `A`-வை மாற்றிவிட்டு `AAAA`-வை மறந்தால், ஐபிவி6 வழியாக வருகிறவர்கள் பழைய சர்வருக்கே போவார்கள். "எனக்குச் சரியாக வருகிறதே" என்று பாதிப்பேர் சொல்லும் பிரச்சினை பெரும்பாலும் இதுதான்.

வரி 22: மறந்தால் யார் கண்ணிலும் படாது, தளம் நன்றாகவே ஓடும். சில வாரங்கள் கழித்துத் தேடலில் தளத்தையே காணோம் என்ற பிறகுதான் தெரியும். டிக் போடும் முன் முகப்புப் பக்கத்தின் மூலநிரலில் `noindex` என்று தேடிப் பார்க்கவும்.

போகலாமா, தள்ளிப்போடலாமா

13 ஜூன் மாலை 5 மணிக்கு முடிவெடுக்கிறோம். வரி 6 முதல் 17 வரை முடிந்திருந்தால் பட்டை 80% காட்டும் (45-ல் 36 மணி). ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வரி 16 ஒன்று மட்டும் விடுபட்டால் பட்டை 78% காட்டும், பார்வைக்குப் பெரிய வித்தியாசமே இல்லை. அப்படி மாறினால், ஏதாவது தவறும்போது திரும்பிப் போக ஒரு நாள் முழுக்க ஆகலாம். ஆகவே 8, 13, 14, 16 ஆகிய நான்கு வரிகளில் ஒன்று காலியாக இருந்தாலும் மாற்றம் 21 ஜூன் சனிக்கிழமைக்குப் போகும். 15-இல் ஓரிரு பக்கங்கள் மட்டும் மீதம் என்றால் போகலாம்.

14 ஜூன் காலை 6 மணிக்கு ஆரம்பம். 10 மணிக்குள் வரி 21 சரியாகவில்லை என்றால் பழைய `A`, `AAAA` மதிப்புகளைத் திரும்பப் போட வேண்டும். `TTL` 300 என்பதால் ஐந்து நிமிடம் வாக்கில் பெரும்பாலோர் பழைய தளத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்காகவே பழைய சர்வர் 28 ஜூன் வரை ஓடும்.

தாளைக் கையாளும் முறை

கெடு தவறினால் E நிரலில் உள்ள தேதியை மாற்றாதீர்கள். மாற்றினால் சிவப்பு போய்விடும், வேலை அப்படியே நிற்கும். புதிய தேதியையும் காரணத்தையும் அந்தக் கட்டத்தில் குறிப்பாக எழுதவும். தேதியை மாற்றும் உரிமை ஒருங்கிணைப்புக்கு மட்டும், அதுவும் வேலையின் அளவே மாறியிருந்தால்.

அரை டிக் கிடையாது. நான்கு மணிக்கு மேற்பட்ட வேலையை இரண்டு வரியாக உடைக்கவும். 11-ஆம் வரி முடிந்துவிட்டதால் அதை விட்டுவிடலாம், அடுத்த பட்டியலில் இருந்து கண்டிப்பு.

புதிய பணியை நடுவில் வரி செருகிச் சேர்க்கவும். 23-க்குக் கீழே எழுதினால் சூத்திரங்களின் எல்லைக்கு வெளியே போய்விடும், சதவீதத்தில் சேராது, சிவப்பாகவும் மாறாது. நடுவில் செருகினால் சதவீதம் சற்றுக் குறையும், பயப்பட வேண்டாம்.

வேறு தாளிலிருந்து ஒட்டும்போது Ctrl+Shift+V. சாதாரணமாக ஒட்டினால் அதன் நிற விதிகளும் கூடவே வந்து, இங்குள்ள விதிகள் துண்டு துண்டாகிவிடும்.

சூத்திரங்கள்

A டிக் பெட்டி, B பணி, C பொறுப்பு, D மணி, E கெடு, F நிலை. B2-இல் சதவீதம்:

```
=SUMPRODUCT((A6:A23=TRUE)*D6:D23)/SUM(D6:D23)
```

மணியால் எடை போடுவதற்குக் காரணம், 1 மணி அறிவிப்பும் 8 மணி முகவரிப் பட்டியலும் ஒன்றாகிவிடக் கூடாது என்பதே. D நிரலில் "2 மணி" என்று எழுத்தாக அடித்தால் `#VALUE!` வரும். எண் மட்டும்.

B3-இல் பட்டை:

```
=REPT("█",INT(B2*20))&REPT("░",20-INT(B2*20))
```

ஒரு கட்டம் 5%. `INT` கீழ்நோக்கியே வெட்டுவதால் கடைசிப் பணி முடியும்வரை பட்டை நிரம்பாது. அது வேண்டுமென்றே வைத்தது.

B4-இல் கெடு தாண்டிய எண்ணிக்கை:

```
=COUNTIFS(A6:A23,FALSE,E6:E23,"<"&TODAY())
```

F6-இல் எழுதி 23 வரை இழுக்க:

```
=IF(B6="","",IF(A6,"முடிந்தது",
IF(NOT(ISNUMBER(E6)),"தேதி சரியில்லை",
IF(E6<TODAY(),TODAY()-E6&" நாள் தாண்டியது",
IF(E6=TODAY(),"இன்று கெடு",
IF(E6=TODAY()+1,"நாளை கெடு",""))))))
```

சிவப்பும் மஞ்சளும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும், கறுப்பு வெள்ளையில் அச்செடுப்பவர்களுக்கும் இந்த நிரல்தான் உதவும்.

நிற விதிகள், A6:F23 பரப்புக்கு, இந்த வரிசையில்:

```
சாம்பல்  =$A6=TRUE
சிவப்பு  =AND($B6<>"",$A6=FALSE,ISNUMBER($E6),$E6<TODAY())
மஞ்சள்  =AND($B6<>"",$A6=FALSE,$E6>=TODAY(),$E6<=TODAY()+1)
```

`$` நிரலின் முன்னால் மட்டும். `$A$6` என்று எழுதினால் முதல் வரியின் நிலையைப் பார்த்து மொத்தப் பட்டியலும் ஒரே நிறமாகும். `ISNUMBER` இல்லாவிட்டால் கெடு காலியாக உள்ள வரிகள் சிவப்பாகிவிடும், காலிக் கட்டம் பூஜ்யமாகக் கணக்காவதால்.

ஒரு வரி சிவப்பாக வேண்டியும் ஆகவில்லை என்றால் முதலில் F-ஐப் பார்க்கவும். "தேதி சரியில்லை" என்றிருந்தால் தேதி எழுத்தாகப் பதிந்திருக்கிறது. `9.6.2025` என்று அடிப்பதே வழக்கமான காரணம். `2025-06-09` என்று அடித்தால் பிரச்சினை வராது. தேதி சரியாக இருந்தும் F-உம் நிறமும் ஒரு நாள் முன்பின்னாக மாறினால், தாளின் அமைப்பில் நேர மண்டலத்தைப் பார்க்கவும். `TODAY()` அதன்படிதான் நாளை மாற்றும், உங்கள் கணினிக் கடிகாரத்தின்படி அல்ல.