மருந்து கொடுக்கும் முன் இரண்டு கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். ரவுண்ட்ஸ் தொடங்குவதற்குள் முடித்துவிடுகிறேன்.

உங்களில் பலர் மெடிக்கல் வார்டிலும் சர்ஜிக்கல் வார்டிலும் வேலை பார்த்துவிட்டு வருகிறீர்கள். ஊசி போடவோ சலைன் ஏற்றவோ நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே பழகிய ஒரு வசதி இந்தக் குழந்தைகள் வார்டில் கிடையாது. பெரியவர்களுக்கு அநேகமாக ஒரு வயல் என்றால் ஒரு டோஸ். இங்கே ஒரே அறையில் 2 கிலோ குழந்தையும் 40 கிலோ பையனும் படுத்திருப்பார்கள். ஒவ்வொரு டோஸும் புதுக் கணக்கு. அதனால் இந்த வார்டில் எந்த ஊசி மருந்தும் ஒருவர் போட்ட கணக்கில் மட்டும் குழந்தையின் உடம்புக்குள் போகாது. இன்னொருவர் தனியாகக் கணக்குப் போட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் போகும்.

'தனியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். பல இடங்களில் நடப்பது என்ன? மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிவிட்டு, "சிஸ்டர், அமிகாசின் 0.9 போட்டிருக்கேன், சரிதானே?" என்று கேட்கிறோம். அவர்களும் வேறு வேலையாக இருந்தபடியே தலையாட்டுகிறார்கள். இது சரிபார்ப்பது ஆகாது. நீங்கள் எண்ணைச் சொன்ன பிறகு அவர் கண்ணுக்கு அந்த எண்தான் தெரியும். எனவே எண்ணைச் சொல்லாதீர்கள். கேஸ் ஷீட்டையும் வயலையும் கையில் கொடுங்கள். அவர் எடையைப் பார்த்து, ஆர்டரைப் படித்து, லேபிளைப் படித்து, தாளில் கணக்குப் போட்டு, தன் விடையைச் சொல்லட்டும். அதன் பிறகு உங்கள் விடையைச் சொல்லுங்கள். வேறுபட்டால் யார் சீனியர் என்று பார்க்காமல் இருவரும் முதலிலிருந்து போடுங்கள். அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அமிகாசினைச் சும்மா சொல்லவில்லை. 100 மி.கி., 250 மி.கி., 500 மி.கி. என்று மூன்று அளவில் வருகிறது. மூன்றிலும் மருந்து 2 மி.லி.தான். 3 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 மி.கி. என்று ஆர்டர் இருந்தால், தேவை 45 மி.கி. 100 மி.கி. வயலில் அது 0.9 மி.லி. 500 மி.கி. வயலில் 0.18 மி.லி. போன மழைக்காலத்தில் ஸ்டோரில் 100 தீர்ந்துபோய் 500 அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக 0.9 ஏற்றிப் பழகிய கை, அன்றும் 0.9 ஏற்றியது. கொடுத்திருந்தால் 225 மி.கி., ஐந்து மடங்கு. சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கக்கூடிய மருந்து அது. தடுத்தது இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பெண். தனியாகக் கணக்குப் போட்டாள், 0.18 வந்தது. "அக்கா, எனக்கு வேற வருது" என்று சொன்னாள். சீனியர் சொல்லிவிட்டாரே என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் குழந்தையின் கதை வேறாகியிருக்கும். உங்களுக்கு விடை வேறாக வந்தால் இதே போல் சொல்லுங்கள். சொன்னதற்காக இந்த வார்டில் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். திட்டினால் என்னிடம் வாருங்கள்.

மருந்து வழக்கமாக இருக்கும் இடத்தையும் நம்பாதீர்கள். 2006-ல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில், பச்சிளம் குழந்தைகள் பிரிவில் நடந்தது இது. ஒரு மி.லி.யில் 10 யூனிட் ஹெபாரின் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் வயல்களை அடுக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் எப்போதும் சரியான மருந்துதான் இருக்கும் என்று எடுத்துக் கொடுத்தார்கள். மூன்று குழந்தைகள் இறந்துபோயின. அடுத்த வருடமே லாஸ் ஏஞ்சல்ஸில் நடிகர் டென்னிஸ் குவைடின் இரட்டைக் குழந்தைகளுக்கும் அதே தவறு நடந்தது. அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். நம் ஊரிலும் ஹெபாரின் மி.லி.க்கு 1,000, 5,000 என்று இரண்டு விதமாக வருகிறது. அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, ஏற்றும்போது ஒரு முறை, காலி வயலைப் போடும் முன் ஒரு முறை லேபிளைப் படியுங்கள். இரண்டாம் ஆள் பார்க்கும் வரை வயல் சிரிஞ்சுக்குப் பக்கத்தில் ட்ரேயிலேயே இருக்க வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தாலும் எடை தப்பாக இருந்தால் எல்லாம் தப்பு. அம்மா சொல்லும் எடையை எழுதாதீர்கள், மூன்று மாதத்துக்கு முன் தடுப்பூசி போட்டபோது பார்த்ததாக இருக்கும். அட்மிஷன் அன்றே மெஷினில் வைத்துப் பாருங்கள். கிலோவில், தேதியோடு, கேஸ் ஷீட்டின் மேலே எழுதுங்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தினமும். எடை எழுதாத கேஸ் ஷீட்டில் ஆர்டர் வந்தால், அவசர சிகிச்சை தவிர, எடை பார்த்த பிறகுதான் மருந்து. அதேபோல் நன்றாக வளர்ந்த பையனுக்குக் கிலோ கணக்குப் போட்டால் பெரியவர்கள் டோஸையே தாண்டிவிடும். அப்போது பெரியவர்களுக்கான அளவுதான் எல்லை.

சிரப்பை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி., 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 2.4 மி.லி. மி.லி.க்கு 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்றால் 1.2 மி.லி.தான். டிராப்ஸை 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி. ஆகிவிடும்! எனவே "5 மி.லி. கொடுங்கள்" என்று அம்மாவிடம் வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பாட்டிலைக் காட்டி, அளவுக் குப்பியில் கோடு போட்டுக் காட்டுங்கள். வீட்டில் எந்தப் பாட்டில் திறந்திருக்கிறது என்றும் கேளுங்கள். அப்புறம், வாய்வழி மருந்தை ஊசி சிரிஞ்சில் எடுத்து ட்ரேயில் வைக்காதீர்கள். யாராவது அதை ஐ.வி.யில் போட்டுவிடுவார்கள்.

புள்ளி விஷயம். அரை என்றால் 0.5 என்று எழுதுங்கள். வெறும் .5 என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகிவிடும். ஐந்து என்றால் 5 மட்டும். 5.0 என்றால் யாரோ 50 என்று படிப்பார்கள். ஒரு குழந்தையின் ஒரு டோஸுக்கு இரண்டாவது வயலை உடைக்க வேண்டி வந்தால், அங்கேயே நின்று கணக்கை மறுபடி பாருங்கள். பத்து மடங்குத் தவறு பெரும்பாலும் அப்படித்தான் முகம் காட்டும்.

இன்சுலினுக்கு வயலும் சிரிஞ்சும் ஜோடி சேர வேண்டும். 40 யூனிட் வயலுக்கு 40 சிரிஞ்சு, 100-க்கு 100. 40 சிரிஞ்சில் 100 வயலிலிருந்து 4 கோடு எடுத்தால் போவது 10 யூனிட். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் நேராக ஐ.வி.யில் ஒருபோதும் போகாது. அதைப் பற்றி வாதமே வேண்டாம்.

கடைசியாகக் கட்டில் பக்கம். "இது கவின்தானேம்மா?" என்று கேட்டால், பயத்தில் இருக்கும் அம்மா எதற்கும் தலையாட்டுவார். "குழந்தை பேர் என்னம்மா?" என்று கேட்டு, கைப்பட்டையில் ஐ.பி. நம்பரையும் பாருங்கள். பெயர் வைக்காத குழந்தைகள் அம்மா பெயரில்தான் இருப்பார்கள். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருக்கலாம்.

இரவில் ஆள் குறைவு, எனக்குத் தெரியும். இரண்டாவது ஆள் இல்லையென்றால் பக்கத்து வார்டு ஸ்டாஃபையோ டியூட்டி டாக்டரையோ கூப்பிடுங்கள். ஆறு மணி ஊசி ஆறேகாலுக்குப் போனால் நான் கேள்வி கேட்க மாட்டேன். ஒரே கையெழுத்தோடு போனால் கேட்பேன்.

சரி, இப்போது மேஜைமேல் மூன்று கேஸ் ஷீட் வைத்திருக்கிறேன், பக்கத்தில் வயல்களும் இருக்கின்றன. இரண்டு இரண்டு பேராக வாருங்கள். பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு தாளில் கணக்குப் போடுங்கள். மூன்றில் ஒன்றில் எடை எழுதவில்லை. அதை என்ன செய்வீர்கள் என்பதையும் பார்க்கிறேன்.