காய்ச்சல் அதிகரிப்பு, வாய்க்காலில் கொசுப்புழு: மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு கடிதம்

அனுப்புநர்:
ச. மீனாட்சி,
கிராம சுகாதார செவிலியர்,
துணை சுகாதார நிலையம், மேலவூரணிப்பட்டி,
காரைக்குடி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
சிவகங்கை மாவட்டம்.

நாள்: 18.11.2024

பொருள்: மேலவூரணிப்பட்டியில் காய்ச்சல் அதிகரிப்பு - தெரு வாய்க்காலிலும் பூட்டிய வீடுகளிலும் கொசுப்புழு - நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊரில் நான்கு வாரமாகக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போகிறது. அக்டோபர் 21-இல் தொடங்கிய வாரத்தில் 4 பேர், அடுத்த வாரம் 9, அதற்கடுத்து 17, நேற்று முடிந்த வாரத்தில் 23. ஆக 53 பேர். வாராவாரம் ஐஎச்ஐபி-யில் பதிந்திருக்கிறேன். சுகாதார ஆய்வாளரிடமும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் சொல்லி, அவர்கள் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். பதிவேட்டில் எண்ணிக்கை வரும், அதற்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலும் பூட்டிய கதவும் வராது.

53 பேரில் 31 பேர் கீழவீதியிலும் அதை ஒட்டிய இரண்டாம் வீதியிலும் இருப்பவர்கள். 14 பேர் பள்ளிப் பிள்ளைகள். ஏழு பேருக்கு ரத்தம் எடுத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பியதில் மூன்று பேருக்கு டெங்கு என்எஸ்1 பாசிட்டிவ். அதில் ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பிணி. அவளை அன்றைக்கே 108-இல் அனுப்பிவிட்டேன், இப்போது தேறி வருகிறாள். மற்ற இருவரும் வீட்டில்தான் இருக்கிறார்கள், காலையும் மாலையும் போய்ப் பார்க்கிறேன். இறப்பு எதுவும் இல்லை.

இனி வாய்க்கால். செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பு தாங்கள் அறியாதது அல்ல. முற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் வீட்டுக்கு அடியிலேயே ஓடித் தெரு வாய்க்காலில் சேர்ந்து, அங்கிருந்து ஊரணிக்குப் போக வேண்டும். எங்கள் கீழவீதி வாய்க்காலும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் சிமெண்ட் சாலை போட்டபோது தெரு ஒரு சாண் உயர்ந்துவிட்டது. சாலைக்குக் குறுக்கே ஊரணிக்குப் போகும் குழாயின் வாய் மண்ணில் பாதி புதைந்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு பெய்த மழைத்தண்ணீர், பிள்ளையார் கோயில் முனையிலிருந்து ரேஷன் கடை வரை அப்படியே நிற்கிறது. அடைப்பு எடுக்க இரண்டு முறை ஆள் வந்தார்கள். மேலே கிடந்த பிளாஸ்டிக்கை அள்ளிக் கரையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே போய்விட்டது. குழாயைத் தோண்டித் தாழ்த்தாமல் எத்தனை முறை அள்ளினாலும் தண்ணீர் நகராது.

சனிக்கிழமை நானே கரண்டியால் மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். ரேஷன் கடைப் பக்கம், சோப்புத் தண்ணீரும் சாக்கடையும் கலந்த கறுப்புத் தண்ணீரில் ஒரு கரண்டிக்கு முப்பதுக்குக் குறையாமல் புழு. நீண்ட குழலோடு சாய்வாகத் தலைகீழாகத் தொங்கின. எனக்குத் தெரிந்தவரை அது கியூலெக்ஸ். ராத்திரி கடிக்கும், யானைக்காலுக்குக் காரணமாகலாம், ஆனால் டெங்குவைப் பரப்பாது. கோயில் முனையில் வீட்டுக் கழிவு சேராமல் மழைத்தண்ணீர் மட்டும் தெளிவாக நிற்கிற இடத்தில் இருந்தவை வேறு மாதிரி. குழல் குட்டையாக, கிட்டத்தட்ட நேராகத் தொங்கின, நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. ஏடிஸ் என்று சந்தேகப்படுகிறேன். இரண்டையும் தனித்தனி பாட்டிலில் எடுத்து வைத்திருக்கிறேன். பூச்சியியல் வல்லுநர் பார்த்துச் சொன்னால்தான் உறுதி.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், ஊரே சாக்கடையை மட்டும்தான் கைகாட்டுகிறது. நாற்றம் அடிப்பது அதுதானே. ஆனால் காய்ச்சலுக்கு அதைவிடப் பெரிய காரணம் பூட்டிய வீடுகளாக இருக்கும் என்பது என் எண்ணம். ஊரில் 412 வீடு, அதில் 74 பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் கதவு திறக்கும். ஒரு வீட்டின் சாவி வைத்திருக்கும் பெரியவர் என் பேச்சுக்காகத் திறந்துவிட்டார். முற்றத்தில் ஓட்டுத் தண்ணீர் விழும் நாலு மூலையிலும் நாலு செம்பு அண்டா, நாலும் நிறைந்து வழிந்தபடி. டார்ச் அடித்ததும் தண்ணீர் முழுவதும் துடித்தது. "ஆச்சி போகும்போது இப்படித்தாம்மா வச்சுட்டுப் போனாக, நான் எப்படிக் கவுக்குறது?" என்றார் அவர். சென்னையில் இருக்கும் ஆச்சிக்கு அங்கேயே போன் போட்டுக் கேட்டு, இருவருமாகக் கவிழ்த்தோம். உள்சுவரை நார் போட்டுத் தேய்க்கவும் சொன்னேன். ஏடிஸ் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்த மழைக்குப் பொரிந்துவிடும்.

அன்று கொசு ஒழிப்புப் பணியாளர்கள் இருவரோடு 120 வீடு பார்த்தோம். 19 வீட்டில் புழு, வீட்டுக் குறியீடு 15.8. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். பூட்டிய வீடுகள் இந்தக் கணக்கிலேயே இல்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டுகிறேன்.

8-ஆம் தேதி புகை மருந்து அடித்தார்கள். தெருவோடு சரி. பறக்கும் கொசு கொஞ்சம் செத்திருக்கும், புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பூட்டிய வீட்டுக்குள் புகையும் போகவில்லை. அடித்த மறுநாளிலிருந்து ஜனங்கள் தொட்டியை மூடுவதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் கடையில் வலி மாத்திரையும் ஊசியும் வாங்கிக்கொள்கிறார்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், ரத்தக் கசிவு வரும் என்று வீடு வீடாகச் சொல்கிறேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆபத்தே அப்போதுதான் தொடங்கும், வயிற்றுவலி, வாந்தி, கைகால் ஜில்லிப்பு இருந்தால் உடனே வாருங்கள் என்றால், "காய்ச்சல்தான் விட்டுருச்சேம்மா" என்கிறார்கள். நான் சொல்வதைவிட ஒரு மருத்துவர் வந்து சொன்னால் கேட்பார்கள்.

ஆகவே இந்த வாரத்திலேயே ஒரு காய்ச்சல் முகாமும், இங்கேயே ரத்தம் எடுத்து எலிசா பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடும் செய்து தர வேண்டுகிறேன். புழுவை உறுதிசெய்ய பூச்சியியல் குழு வர வேண்டும். குழாயைத் தாழ்த்துவது ஊராட்சி ஒன்றியத்தின் வேலை, தாங்கள் எழுதினால் நடக்கும். அதுவரை ரேஷன் கடைப் பக்கம் வாரம் ஒருமுறை புழுக்கொல்லி மருந்து ஊற்றவும், ஊரணியில் கம்பூசியா மீன் விடவும் உத்தரவு வேண்டும். பூட்டிய வீடுகளுக்குப் பொது சுகாதாரச் சட்டம் 1939-இன்படி அறிவிப்பு அனுப்பலாம். ஆனால் அதற்கு முன் சாவி வைத்திருப்பவர்களையும் நகரத்தார் பெரியவர்களையும் ஒருநாள் கூப்பிட்டுப் பேசினால் பாதிக் கதவு தானாகத் திறக்கும். 74 வீட்டின் கதவு எண்ணும் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

புதன்கிழமை எனக்குத் தடுப்பூசி நாள், நகர முடியாது. வியாழன் காலை எட்டு மணிக்குக் குழு வருவதாக இருந்தால் சாவிக்காரர்களைக் கோயில் முனையில் நிறுத்தி வைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ச. மீனாட்சி

இணைப்பு: காய்ச்சல் கண்டவர்களின் தெருவாரிப் பட்டியல், பூட்டிய வீடுகளின் பட்டியல், வாய்க்கால் படங்கள் 6.
நகல்: வட்டார மருத்துவ அலுவலர்.