முடிச்சூர் மனை: அட்வான்ஸுக்கு முன்

சித்தப்பா, வணக்கம். தோஹாவிலிருந்து எழுதுகிறேன். முடிச்சூர் மனைக்கு வெள்ளிக்குள் 2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார் புரோக்கர். நீங்கள் பார்த்துச் சொல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப மாட்டேன்.

30 வருட வில்லங்கச் சான்றை நீங்களே எடுங்கள், அவர் தரும் ஜெராக்ஸ் வேண்டாம். தாய்ப்பத்திரம் ஒரிஜினலா, பட்டா விற்பவர் பெயரிலேயே இருக்கிறதா, சிஎம்டிஏ அப்ரூவல் நம் மனை எண்ணுக்கும் உண்டா என்று வக்கீலிடம் காட்டுங்கள். ஒரிஜினல் பேங்கில் இருக்கிறது என்றால் எந்த பேங்க், எவ்வளவு கடன் என்று கேளுங்கள்.

அப்புறம், 2015 டிசம்பரில் அங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது? புரோக்கரிடம் கேட்காதீர்கள், பக்கத்துத் தெரு மளிகைக்கடையில் விசாரியுங்கள். சர்வேயர் அளக்கும்போது நாலு மூலைக் கல்லையும் வீடியோ எடுங்கள். சர்வேயர், வக்கீல் ஃபீஸ் இன்றே அனுப்புகிறேன்.