கிளினிக் முன்பதிவுச் செயலி: இப்போது, அடுத்து, பிறகு

இந்த ரோட்மேப் நம் ஐந்து பேருக்கும் பொது. கிளினிக்குகளோடு பேசும்போதும் இதையே திறந்து காட்டலாம், மறைக்க எதுவும் இல்லை.

இதில் தேதிகள் கிடையாது. கோட் எழுதுகிறவர்கள் இரண்டே பேர். ஏதாவது ஒரு கிளினிக்கில் முன்பதிவு நின்றுபோனால் இருவரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். இந்த நிலையில் நான்கு மாதம் தள்ளி ஒரு தேதியைச் சொன்னால், கிளினிக் அதை நம்பி வரவேற்பறை வேலையையே மாற்றி அமைத்துவிடும். அந்த நம்பிக்கையோடு விளையாடக் கூடாது.

இப்போது

கையில் எடுத்துவிட்ட வேலைகள். ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் கூடாது.

*ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் பதிவாவது.* வரவேற்பறையில் ஒருவர் 10:30-ஐப் பதிகிறார், அதே நொடியில் ஒரு நோயாளி வீட்டிலிருந்து அதையே எடுக்கிறார், இருவருக்கும் உறுதிச் செய்தி போகிறது. கிளினிக்குகள் நம்மை விட்டுப் போக வேறு காரணமே தேவையில்லை. செயலி முதலில் இடம் காலியா என்று பார்க்கிறது, அப்புறம் எழுதுகிறது. அந்த இடைவெளியில் இன்னொருவர் நுழைந்துவிடுகிறார். தொடங்கும் நேரம் ஒன்றாக இருந்தால் மறுப்பது என்று வைத்தாலும் போதாது. 10:15-க்குத் தொடங்கும் 45 நிமிட முதல் வருகையும் 10:30 மறுபரிசோதனையும் வேறு வேறு நேரத்தில் தொடங்கினாலும் மோதத்தான் செய்யும். ஆகவே தடுப்பை டேட்டாபேஸிலேயே வைக்கிறோம்:

```sql
EXCLUDE USING gist (
  doctor_id WITH =,
  slot WITH &&
) WHERE (status = 'booked')
```

இதற்கு `btree_gist` வேண்டும். `slot` எப்போதும் `[)` வடிவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 10:30-க்கு முடிவதும் 10:30-க்குத் தொடங்குவதும் மோதலாகிவிடும். ஏற்கெனவே மோதிக்கொண்டிருக்கும் பதிவுகள் இருக்கும்வரை இந்தத் தடுப்பைச் சேர்க்கவே முடியாது. அதனால் அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கிளினிக்கையும் கூப்பிட்டுச் சரிசெய்வது முதல் வேலை. அதை ஆதரவுக் குழு ஏற்றிருக்கிறது.

*சொல்லாமல் வராமல் போகிறவர்கள்.* நினைவூட்டல் செய்தியிலேயே “வர முடியாது” என்ற இணைப்பு இருக்கும். தட்டினால் இடம் உடனே காலியாகும். இப்போது எத்தனை பேர் வராமல் போகிறார்கள் என்பதை முதலில் எண்ணிவிட்டுத்தான் இதை வெளியிட வேண்டும். எண்ணாமல் விட்டால் பலன் இருந்ததா என்று கடைசிவரை தெரியாது.

அடுத்து

பிரச்சினை தெளிவு, தீர்வு இன்னும் முடிவாகவில்லை.

காத்திருப்புப் பட்டியல்: காலியான இடத்தை யாருக்குத் தருவது? முதலில் கேட்டவருக்கா, சீக்கிரம் வர முடிந்தவருக்கா? சில வரவேற்பறைகளில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் இது மேலே போகும். ரத்து இணைப்பும் அதற்குள் ஓடியிருக்க வேண்டும்.

இரண்டு கிளைகளில் உட்காரும் மருத்துவர்கள்: இன்று கிளைக்கொரு கணக்காக அவரைப் பதிகிறார்கள், அதனால் மேலே சொன்ன தடுப்பு இவர்கள் விஷயத்தில் வேலை செய்யாது. கேட்பவர்கள் குறைவாக இருந்தாலும் என் எண்ணத்தில் இதற்கே முதல் இடம்.

இணையம் போனால் அன்றைய பட்டியலாவது திரையில் நிற்க வேண்டும். பார்க்க மட்டும்தான், பதிய அல்ல.

பிறகு

திசை மட்டும்: முன்பணம் வாங்குவது, வீடியோ ஆலோசனை, மாத அறிக்கை வரைபடங்கள். நினைவூட்டலிலேயே வருகை சீரானால் முன்பணம் தேவைப்படாமலே போகலாம். இதில் உள்ள எதையும் விற்பனைப் பேச்சில் வாக்குறுதியாகச் சொல்ல வேண்டாம்.

மருத்துவக் குறிப்புகளைச் சேமிப்பது எந்தப் பெட்டியிலும் இல்லை. அந்த ரகசியங்களைக் காக்கும் பொறுப்பு இந்த அளவுள்ள குழுவால் தாங்கக்கூடியது அல்ல.

மாற்றுவது எப்படி

ஒன்று விட்டு ஒரு திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். “இப்போது”க்குள் ஒன்று வர வேண்டுமானால் ஒன்று முடிந்திருக்க வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும். ஒப்பந்தக் கெடு, செய்தி அனுப்பும் சேவை தன் பழைய முறையை நிறுத்தும் நாள் போன்றவற்றுக்கு உண்மையான தேதி உண்டு. அவை தனி நாட்காட்டியில் இருக்கின்றன.

“எப்போது வரும்?” என்று கிளினிக் கேட்டால்: “இது அடுத்த வரிசையில் இருக்கிறது. இப்போது இரட்டைப் பதிவைச் சரிசெய்கிறோம். எடுத்ததும் நாங்களே கூப்பிட்டுச் சொல்கிறோம்.” கேட்டவர் பெயரை அந்த வேலையின் கீழ் குறித்து வையுங்கள், அப்போதுதான் கூப்பிட முடியும்.

சென்ற முறைக்குப் பின் மாறியது

மாத அறிக்கை வரைபடங்கள் “அடுத்து”விலிருந்து “பிறகு”வுக்குப் போயின. கேட்ட கிளினிக்குகளுக்கு உண்மையில் வேண்டியிருந்தது எக்செல் கோப்பு, அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.