ஒட்டுசுட்டான் பால் குளிரூட்டும் நிலையம்: பொறுப்புக் கையளிப்பு விளக்கவுரை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, சேகரிப்பாளர்களே, அடுத்த மாதம் முதல் முகாமையாளராகப் பொறுப்பேற்கும் தங்கச்சி, அனைவருக்கும் வணக்கம்.

செப்டெம்பர் முடியப்போகிறது, இன்னும் சில வாரங்களில் மழை. நான் போவதற்கு இதைவிடத் தோதில்லாத காலம் இல்லை. ஆகவே ஆண்டறிக்கையில் இருப்பவற்றை விட்டுவிட்டு, கோப்பில் இல்லாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

காலை வேலை

முத்தையன்கட்டு, நெடுங்கேணி, முள்ளியவளை ஆகிய மூன்று வழிகளிலிருந்தும் பால் வரும். முதலில் வருவது முத்தையன்கட்டு வண்டி. கானைத் திறந்ததும் மணந்து பாருங்கள், பிறகு அல்ககோல் சோதனை. பாலும் அல்ககோலும் சம அளவு. திரைந்தால் அந்தக் கானைத் திருப்பி அனுப்ப வேண்டும், யாருடையதாக இருந்தாலும். ஒரு கான் புளித்த பால் தாங்கி முழுவதையும் கெடுத்துவிடும்.

அடுத்தது பால்மானி. கறந்த சூடு ஆறாத பாலில் பால்மானி தாழ்ந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "தண்ணீர் கலந்திருக்கிறீர்கள்" என்று சொன்னால், நேர்மையான ஒருவரை ஊர் நடுவில் கள்ளனாக்கியதாகிவிடும். நுரை அடங்கட்டும், வெப்பநிலையைப் பாருங்கள், திருத்த அட்டவணையைப் பாருங்கள், அதன் பிறகு வாயைத் திறவுங்கள். அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறது.

பால்மானியை மட்டும் நம்பவும் கூடாது. ஆடையை எடுத்தால் அளவு ஏறும், தண்ணீர் விட்டால் இறங்கும். இரண்டையும் செய்பவரின் பால் பால்மானிக்கு நல்ல பாலாகவே தெரியும். அவரைக் காட்டிக்கொடுப்பது கொழுப்புச் சோதனை. மாதிரி எடுக்க முன்னர் கானை அடிவரை கலக்க வேண்டும். கலக்காமல் மேலிருந்து அள்ளினால் சங்கத்துக்கு நட்டம், அடியிலிருந்து எடுத்தால் பட்டிக்காரருக்கு நட்டம். விலை கொழுப்பையும் மற்றத் திண்மத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவதால், இந்தக் கலக்கும் கோல்தான் இங்குள்ள தராசு.

சோதனைக் குழாயில் முதலில் சல்பூரிக் அமிலம் 10 மில்லிலீற்றர், அதன் மேல் குழாயின் சுவரோடு மெதுவாகப் பால், கடைசியில் அமைல் அல்ககோல் 1 மில்லிலீற்றர். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் அந்த மேசைக்கு விடவேண்டாம். சுழற்றியபின் 65 பாகை நீரில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அளவை வாசியுங்கள். பால் கொண்டுவந்தவர் விரும்பினால் அவரும் வாசிக்கட்டும். அவர் தன் கண்ணால் பார்த்த எண்ணோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை.

தாங்கியில் பால் 4 பாகைக்கு இறங்கவேண்டும். பவுசர் எடுத்துச் சென்றதும் கழுவல். முதலில் சாதாரண நீர், பிறகு காரக் கரைசல், அதன் பின்னரே வெந்நீர். வெந்நீரை முதலில் விட்டால் பால் புரதம் சுவரில் இறுகிவிடும். அதற்குப் பின் எத்தனை தரம் தேய்த்தாலும் போகாது.

கொடுப்பனவு

மாதத்துக்கு இரண்டு தடவை, 5ஆம் திகதியும் 20ஆம் திகதியும். தீவனக் கடனைக் கழித்து, தொகையைப் பாஸ் புத்தகத்தில் பதிந்து கொடுக்க வேண்டும். கணக்கு மடிக்கணினியில் இருக்கிறது. கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் தலைவரிடம் உண்டு. ஒரு நாள் பிந்தினாலும் பால் தனியார் வியாபாரியிடம் போகத் தொடங்கும். போன பால் திரும்பி வர மாதங்களாகும். வற்றாப்பளைப் பொங்கல் நாட்களிலும் தைப்பொங்கலிலும் பால் குறைவது வேறு விடயம், அதற்காகப் பதற வேண்டாம்.

யாரிடம் எதற்குப் போவது

தொலைபேசி எண்கள் நீல நிறக் கொப்பியில் உள்ளன. எந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்பதைச் சொல்கிறேன். பவுசர் பிந்தினால் கொள்வனவு நிறுவனத்தின் அலுவலகத்தைக் கேட்காதீர்கள், சாரதியைக் கேளுங்கள். அவர் மாங்குளத்தில் நிற்கிறாரா, புறப்படவேயில்லையா என்பதை மறைக்காமல் சொல்வார். குளிரூட்டி பழுதானால் வவுனியாவிலிருந்துதான் ஆள் வரவேண்டும், அரை நாள் போய்விடும். ஆகவே சத்தம் மாறியவுடனே அழையுங்கள், நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கால்நடை வைத்தியர் நமக்கு மிக முக்கியமானவர். ஒரே பக்கத்துப் பட்டிகளில் பால் சட்டென்று குறைந்தால், காரணம் தேடுவதற்கு முன் அவருக்குச் சொல்லுங்கள். 2020இல் வடக்கில் தோல் கழலை நோய் வந்த காலத்தை இங்குள்ள பட்டிக்காரர்கள் மறக்கவில்லை. மடியழற்சிக்கு ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் நிறுத்துவது என்பதையும் அவரே எழுதித் தருவார். அந்தத் துண்டு இல்லாமல் அந்த மாட்டின் பாலை ஏற்க வேண்டாம்.

முடிக்காமல் விட்டுச்செல்பவை

நான்கு விடயங்கள். முதலாவதுதான் என்னை உறங்கவிடாதது.

காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்த ஒரு திகதி குறிப்பார்கள். அன்றிலிருந்து அறுவடை முடியும்வரை பட்டிகளுக்கு இடமில்லை. குளத்தின் அலைகரையில் நீர் ஏறிவிடும், காட்டோரத்துக்குப் போனால் வனத் திணைக்களத்தோடு வழக்கு, வயலுக்குள் இறங்கினால் கமக்காரரோடு வழக்கு. மேய்ச்சல் தரை ஒதுக்கித் தருமாறு பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதங்கள் மூன்றாம் கோப்பில் இருக்கின்றன. பதில் வரவில்லை. இந்தக் கூட்டத்துக்கு நீங்கள் கட்டாயம் போங்கள். கமக்காரர் அமைப்பினர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, திகதியை ஒரு வாரமாவது பின்தள்ளிக் கேளுங்கள். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் அந்த மண்டபத்தில் இருந்தாலே பேச்சின் தொனி மாறும்.

இரண்டாவது ஜெனரேட்டர். மின்கலம் பலவீனமானது. புதியதற்குச் சபை அனுமதி தந்துவிட்டது, வாங்கவில்லை. ஒக்டோபருக்குள் வாங்குங்கள். காப்புறையுள்ள தாங்கியில் குளிர்ந்த பால் சில மணிநேரம் தாங்கும். அப்போதுதான் ஊற்றிய பால் தாங்காது. கார்த்திகை மழையில் மின்சாரம் போவதோ பெரும்பாலும் காலையில்தான்.

மூன்றாவது, நெடுங்கேணிப் பக்கத்தில் கொடுத்த முற்பணம். பாதி வசூலாகவில்லை. பெயர்களை இந்தச் சபையில் வாசிக்க மாட்டேன், பட்டியலைத் தங்கச்சியிடமும் பொருளாளரிடமும் தனியாகத் தருகிறேன். அவர்களில் இருவர் வறட்சியில் மாடுகளை இழந்தவர்கள். அவர்களிடம் தவணை கேளுங்கள். மற்றவர்களிடம் பணத்தைக் கேளுங்கள்.

நான்காவது, கொள்வனவு ஒப்பந்தம் டிசெம்பர் 31இல் முடிகிறது. விலையைப் பற்றி அவர்களே முதலில் பேசுவார்கள். கொழுப்பளவு குறித்து இரு தரப்பும் வேறுபட்டால் யாருடைய அளவு செல்லும் என்ற வரி இப்போதைய ஒப்பந்தத்தில் இல்லை. விலையில் ஐம்பது சதம் விட்டுக்கொடுத்தாலும் அந்த வரியை எழுதி வாங்குங்கள் என்பது என் கருத்து, சபை வேறாக நினைக்கலாம்.

தங்கச்சி, இந்த மாத முடிவுவரை நான் இங்கேதான். அதன் பின் கிளிநொச்சியில் இருப்பேன், தொலைபேசி எண் மாறாது. முதல் இரண்டு கொடுப்பனவுகளுக்கும் கணக்குச் சரிபார்க்க வருவதாகத் தலைவருக்கு வாக்களித்திருக்கிறேன்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள். அதன் பின் இருப்புப் பட்டியலோடு களஞ்சிய அறைக்குப் போவோம். அமிலப் போத்தல்களை எண்ணிப் பார்த்த பின்பே நீங்கள் கையொப்பமிட வேண்டும்.