விளையாட்டு விழாவில் மாணவர் மயங்கி விழுந்த நிகழ்வு: பயிற்சியாளரின் அறிக்கை

பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள்
அனுப்புநர்: விளையாட்டுப் பயிற்சியாளர்
நிகழ்வு நாள்: 07.03.2025, வெள்ளிக்கிழமை
அறிக்கை நாள்: 10.03.2025

ஐயா,

ஆண்டு விளையாட்டு விழாவில் மூத்தோர் பிரிவு 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தின்போது பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் மைதானத்தில் மயங்கி விழுந்தார். அவர் இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். மாணவரின் பெயரும் பெற்றோர் விவரமும் தனி உறையில் உள்ளன. இந்த அறிக்கை பல கைகளுக்குப் போகக்கூடும் என்பதால் அவற்றை இதில் எழுதவில்லை.

கீழே உள்ள நேரங்கள் மூன்று இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை: நேரக் கணிப்பாளரின் குறிப்பேடு, ஆம்புலன்ஸை அழைத்த கைபேசியின் அழைப்புப் பதிவு, ஆம்புலன்ஸ் பணியாளர் எங்களிடம் கொடுத்த படிவம். நினைவிலிருந்து சொல்லும் இடங்களில் 'சுமார்' என்று எழுதியிருக்கிறேன்.

நிகழ்ச்சி நிரலின்படி இந்த ஓட்டம் காலை 8.45-க்குத் தொடங்கியிருக்க வேண்டும். அணிவகுப்பும் உரைகளும் நீண்டதால் 11.26-க்குத்தான் தொடங்கியது. மைதானத்தில் அப்போது நிழலே இல்லை. 200 மீட்டர் பாதையில் ஏழரைச் சுற்று ஓட வேண்டும். ஆறாவது சுற்று முடியும்வரை இந்த மாணவர் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். ஏழாவது சுற்றின் வளைவில் கால்கள் பின்னின. பாதைக்கு வெளியே நாலைந்து அடி தள்ளாடிப் போய், முதலில் கைகளும் பிறகு இடது தோளும் தரையில் படும்படி விழுந்தார். தலை தரையில் அடிபடவில்லை. வளைவு நடுவரும் நானும் இதை நேரில் பார்த்தோம். நேரம் 11.31.

விசில் ஊதி ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஓடிச் சென்றேன். மூச்சு வேகமாக இருந்தது. நாடித்துடிப்பு கைக்குத் தெரிந்தது. எனவே நெஞ்சழுத்தம் தேவைப்படவில்லை. கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தார். "தம்பி, இன்றைக்கு என்ன நிகழ்ச்சி?" என்று கேட்டேன். "எத்தனையாவது ரவுண்டு சார்?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். உடல் கொதித்தது, வியர்வையும் கொட்டியது. வெப்பத் தாக்கு என்றால் தோல் வறண்டிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடும்போது வரும் வெப்பத் தாக்கில் வியர்வை இருக்கலாம். சூடான உடலோடு பேச்சுக் குழப்பமும் சேர்ந்ததால், சாதாரண மயக்கம் என்று விடாமல் வெப்பத் தாக்காகவே எடுத்துக்கொண்டு செயல்பட்டேன். அதன் பின் செய்த எல்லாமே இந்த முடிவிலிருந்து வந்தவை.

11.33: அறிவிப்பு மேசையில் இருந்த கணித ஆசிரியை ஆம்புலன்ஸை அழைத்தார். அழைப்பு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் நீடித்தது. மாணவரின் வயது, நினைவு நிலை, மூச்சு நிலை, எந்த வாயில் வழியாக வர வேண்டும் என்பவற்றை அவர் பதற்றமில்லாமல் சொன்னார். அதே நேரத்தில் நாங்கள் நால்வர் மாணவரைத் தூக்கிப் பந்தலுக்குக் கொண்டுபோனோம்.

11.35: காலணி, காலுறை, பனியன் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினோம். குடிநீர் பாட்டில்களுக்காக வைத்திருந்த ஐஸ் பெட்டியை அப்படியே எடுத்து வந்து, துண்டுகளை ஐஸ் தண்ணீரில் நனைத்துக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, மார்பு, கால்கள் என்று போட்டோம். துண்டு சூடானதும் மாற்றினோம். மூத்த மாணவர்கள் இருவர் அட்டைகளால் விடாமல் விசிறினார்கள். அந்த இரண்டு பிள்ளைகளின் உழைப்பைப் பள்ளி பாராட்ட வேண்டும்.

11.38: வாந்தி எடுத்தார். உடனே இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைச் சுத்தம் செய்தோம். வலிப்பு வரவில்லை. குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கலாம் என்று அங்கிருந்த சிலர் அன்போடு நீட்டினார்கள், நான் தடுத்தேன். முழு நினைவு இல்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.

சுமார் 11.40-க்கு வகுப்பாசிரியர் மாணவரின் தாயாரைத் தொலைபேசியில் தொடர்புகொண்டார்.

11.41: நோயறையிலிருந்து வந்த வெப்பமானி அக்குளில் 39.1 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஐஸ் துண்டு வைத்த அக்குளின் அளவு உடலின் உள்வெப்பத்தைவிடக் குறைவாகவே காட்டும். ஆகவே அந்த எண்ணைப் பார்த்துக் குளிர்விப்பதை நிறுத்தவில்லை.

11.44: தன் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொன்னார்.

11.47: ஆம்புலன்ஸ் பள்ளி வாயிலுக்கு வந்துவிட்டது. ஆனால் மைதானத்துக்குள் வந்தது 11.52-க்கு. உள் வாயில் பூட்டியிருந்தது. சாவி மேடையில் இருந்த ஒருவரிடம் இருந்தது. வாயிலை ஒட்டி மூன்று கார்கள் நின்றிருந்தன. அழைத்த 14 நிமிடத்தில் வந்த வண்டி, கூப்பிடு தூரத்தில் ஐந்து நிமிடம் நின்றது. குளிர்விப்பது தொடர்ந்துகொண்டிருந்ததால் அந்த ஐந்து நிமிடம் வீணாகவில்லை. மூச்சு நின்றுபோன ஒரு பிள்ளையாக இருந்திருந்தால் நிலைமை வேறு.

ஆம்புலன்ஸ் பணியாளர் பதிந்தவை: நாடி நிமிடத்துக்கு 138, இரத்த அழுத்தம் 100/60, ஆக்சிஜன் 97 சதவீதம், சர்க்கரை 92. கையில் டிரிப் ஏற்றி 11.58-க்குக் கிளம்பினார்கள். வண்டியில் நானும் வகுப்பாசிரியரும் போனோம். வழி முழுவதும் ஈரத்துண்டு மாற்றப்பட்டது. 12.11-க்கு மருத்துவமனையை அடைந்தோம். அங்கே அளந்த உள்வெப்பம் 39.4. அதாவது, அத்தனை குளிர்வித்த பிறகும் அவ்வளவு. தாயார் 12.30-க்கு வந்து சேர்ந்தார்.

வெப்பத் தாக்கு என்றும், சீக்கிரம் குளிர்வித்தது பெரிதும் உதவியது என்றும் பணியிலிருந்த மருத்துவர் சொன்னார். சிறுநீரகம், கல்லீரல் சோதனைகளும், தசைச் சிதைவைக் காட்டும் இரத்தச் சோதனையும் செய்தார்கள். தசைச் சிதைவின் அளவு மறுநாளும் கூடக்கூடும் என்பதால் இரவு தங்கவைத்தார்கள். மறுநாள் மாலை 4 மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து மறுபரிசோதனை உண்டு. மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும்வரை இந்த மாணவரை எந்தப் பயிற்சியிலும் சேர்க்க மாட்டேன். உடற்கல்வி வகுப்புக்கும் இது பொருந்தும்.

இரண்டு நாள் முன்பு மாணவருக்குக் காய்ச்சல் இருந்ததையும், அன்று காலை எதுவும் சாப்பிடாமல் வந்ததையும் தாயார் மருத்துவமனையில்தான் சொன்னார். இதை மாணவரின் குற்றமாக யாரும் பேசக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து இறுதிக்கு வந்த பிள்ளை காய்ச்சல் என்று தானாக வந்து சொல்லாது. பெரியவர்கள்தான் கேட்க வேண்டும். நம் ஒப்புதல் படிவத்தில் இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு பற்றிக் கேள்விகள் உள்ளன. அண்மைக் காய்ச்சல் பற்றி இல்லை.

ஓட்டத்தில் இருந்த மற்ற ஒன்பது பேரையும் உதவிப் பயிற்சியாளர் நிழலில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டார். இருவருக்குக் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு. அரை மணி நேரத்தில் சரியானது. பிற்பகல் தொடர் ஓட்டங்களைத் தாங்கள் ஒத்திவைத்தது சரியான முடிவு.

ஒத்திவைத்த போட்டிகள் நடக்கும் முன் எனக்கு வேண்டியவை இவை. 800, 1500 மீட்டர் ஓட்டங்கள் காலை முதல் நிகழ்ச்சியாக நடக்க வேண்டும். எக்காரணத்தால் தாமதமானாலும் அவற்றை வெயிலுக்குத் தள்ளாமல் வேறு நாளுக்கு மாற்றும் அதிகாரம் பயிற்சியாளருக்கு வேண்டும். இதை எழுத்தில் கேட்கிறேன். உள் வாயில் விழா முழுவதும் திறந்திருக்க வேண்டும், அங்கே ஒரு பணியாளர் நிற்க வேண்டும், வண்டிகள் நிறுத்தக்கூடாது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய தொட்டியும் போதுமான ஐஸும் பந்தலில் தயாராக வேண்டும். உடலைக் கழுத்துவரை குளிர்நீரில் அமிழ்த்துவதுதான் மிக வேகமாக வெப்பத்தைக் குறைக்கும். ஈரத்துண்டு அதற்கு அடுத்தபடிதான். காய்ச்சல், உணவு, உறக்கம் பற்றி ஓட்டத்தன்று காலை ஒவ்வொரு ஓட்டக்காரரிடமும் நானே நேரில் கேட்டுக் குறித்துக்கொள்வேன்.

இணைப்பு: நேரக் கணிப்பாளரின் குறிப்பேட்டு நகல், ஆம்புலன்ஸ் படிவ நகல், மருத்துவமனை வெளியேற்றச் சீட்டின் நகல் (பெற்றோர் ஒப்புதலுடன்), வளைவு நடுவரின் வாக்குமூலம்.

தங்கள் உண்மையுள்ள,
விளையாட்டுப் பயிற்சியாளர்