கோத்தகிரி தோட்ட மருந்தகம்: காய்ச்சல் நோயாளிக்கான மருந்து உறை வாசகங்கள்

மருந்தாளுநர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்குச் சிகிச்சை பெறும் 46 வயதுத் தோட்டத் தொழிலாளிக்காக நீங்கள் இன்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த குறிப்புகளின்படி, நான்கு மருந்து உறைகளுக்கும் ஓர் எச்சரிக்கைச் சீட்டுக்கும் உரிய தமிழ் வாசகத்தைக் கீழே தந்திருக்கிறேன். பி.டி., எஸ்.ஓ.எஸ். என்று நீங்கள் சுருக்கமாக எழுதியிருந்த இடங்களில் கடிகார நேரத்தையோ இடைவெளியையோ வெளிப்படையாகவே குறித்திருக்கிறேன். கொழுந்து பறிக்கப் போய் மாலையில் திரும்புகிறவரிடம் "இருவேளை" என்று மட்டும் சொன்னால், இரண்டாம் வேளை மாலை நான்கு மணிக்கே முடிந்துவிடக்கூடும். உறைகள் லைன் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் என்பதால் நோயின் பெயரை எந்த உறையிலும் எழுதவில்லை. ஒவ்வொரு வாசகத்தையும் அவருடைய மகள் உரக்கப் படித்துக் காட்டப் போகிறார் என்பதை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

உறை 1: டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. கேப்ஸ்யூல், மொத்தம் 14

இன்று திங்கட்கிழமை இரவு 7 மணிக்குச் சாப்பிட்ட பிறகு முதல் கேப்ஸ்யூலை விழுங்குங்கள். நாளை முதல் தினமும் காலை 7 மணிக்கு ஒன்று, இரவு 7 மணிக்கு ஒன்று என்று சாப்பிட்ட பிறகு விழுங்குங்கள். அடுத்த திங்கட்கிழமை காலையில் கடைசிக் கேப்ஸ்யூல் முடியும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிட்டாலும் நடுவில் நிறுத்தாமல் 14 கேப்ஸ்யூலையும் முடிக்க வேண்டும்.

உட்கார்ந்தபடியோ நின்றபடியோ, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் முழுதாக விழுங்குங்கள். பிரித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. விழுங்கிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் கேப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கே புண்ணை உண்டாக்கலாம். இரவு வேளையைப் படுக்கப் போகும் நேரம் வரை தள்ளிப் போடாதீர்கள். விழுங்கும்போது நெஞ்சில் வலியோ எரிச்சலோ இருந்தால் அடுத்த வேளைக்கு முன்பே மருந்தகத்துக்கு வந்து சொல்லுங்கள்.

பால், வயிற்றெரிச்சலுக்கான ஜெல் அல்லது மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம் ஆகியவை இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஆகவே கேப்ஸ்யூலைப் பாலுடன் விழுங்காதீர்கள்; வயிற்றெரிச்சல் மருந்து தேவைப்பட்டால் எங்களைக் கேட்ட பிறகே சாப்பிடுங்கள்.

இந்த மருந்து சாப்பிடும் நாள்களில் தோல் வெயிலில் சீக்கிரம் சிவந்து எரியும். மலையின் இந்த உயரத்தில், மேகமூட்டமாக இருந்தாலும் வெயிலின் தாக்கம் இருக்கும். எனவே தோட்டத்துக்குப் போனால் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவுக்கு வந்தவுடன் விழுங்குங்கள். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டிருந்தால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டைச் சேர்த்து விழுங்கக் கூடாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தாலோ, முன்பு ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடலில் தடிப்பு வந்திருந்தாலோ முதல் கேப்ஸ்யூலுக்கு முன்பே சொல்லுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்து இது. மீந்து போனாலும் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

உறை 2: பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை, மொத்தம் 10

காய்ச்சலோ உடல்வலியோ தலைவலியோ இருக்கும்போது மட்டும் ஒரு மாத்திரை சாப்பிடுங்கள்; இல்லாதபோது வேண்டியதில்லை. ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது 6 மணி நேரம் இருக்க வேண்டும். ஒரு நாளில், அதாவது 24 மணி நேரத்தில், 4 மாத்திரைக்கு மேல் சாப்பிடக் கூடாது. கடையில் கிடைக்கும் சளி, ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் இதே மருந்து கலந்திருக்கிறது. அவற்றையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு மீறிக் கல்லீரல் கெடும். இந்த நாள்களில் மது அருந்தாதீர்கள்.

உறை 3: செட்டிரிசின் 10 மி.கி. மாத்திரை, மொத்தம் 5

தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் இரவில் மட்டும் ஒரு மாத்திரை, ஐந்து இரவுகள். இதைச் சாப்பிட்டால் தூக்கக் கலக்கம் வரும். மறுநாள் காலையிலும் சிலருக்கு அது நீடிக்கும். மந்தமாக இருந்தால் கவாத்துக் கத்தியைக் கையில் எடுக்காதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள். மதுவுடன் சேர்த்தால் மயக்கம் கூடும்.

(இந்த உறையில், வீட்டில் வண்டி ஓட்டும் வேறு யாரும் இதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கொண்டை ஊசி வளைவுச் சாலையில் போகக் கூடாது என்றும் எழுதலாமா என்று யோசித்தேன். வாசகம் நீண்டுவிடும் என்பதால் விட்டுவிட்டேன். மருந்தைக் கொடுக்கும்போது நீங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.)

எல்லா உறைகளுடன் தர வேண்டிய சீட்டு

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்துக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வர முடியாவிட்டால் 108-க்கு அழையுங்கள். மூச்சு வாங்குதல், பேச்சில் குழப்பம் அல்லது எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, சிறுநீர் வெகுவாகக் குறைந்துபோதல், கண் மஞ்சளாதல், முகமோ உதடோ வீங்குதல், விடாத வாந்தி ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். மருந்தைத் தொடங்கி 48 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் இறங்காவிட்டால் அன்றே வந்து காட்டுங்கள்.

மருந்து விழுங்கிய அரை மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் நீங்களாக இன்னொன்றை விழுங்காமல் எங்களிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளும் ஈரம் இறங்குவதால் மாத்திரைகளை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்காதீர்கள். அடுப்புக்கு அருகிலும் வைக்க வேண்டாம். மூடியுள்ள டப்பாவில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

உறை 4: இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை, மொத்தம் 30

இந்த உறையை இப்போது பிரிக்க வேண்டாம். டாக்ஸிசைக்ளின் முழுதும் முடிந்த மறுநாள், அதாவது அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுங்கள். இரண்டையும் ஒரே நாள்களில் சாப்பிட்டால் காய்ச்சல் மருந்தின் பலன் குறைந்துவிடும்.

காலை டீயுடன் இதை விழுங்கவே கூடாது. டீ, காபி, பால் ஆகியவை இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரைக்கு முன் ஒரு மணி நேரமும் பின் இரண்டு மணி நேரமும் அவற்றைக் குடிக்காமல் இருங்கள். காலையில் எழுந்ததும் டீ இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு, மதியச் சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவிலுள்ள நேரமே வசதி. தண்ணீருடன் அல்லது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீருடன் விழுங்குங்கள். குமட்டல் வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் நிறுத்துவதற்கு முன் எங்களைக் கேளுங்கள்.

மலம் கறுப்பாகப் போவது இந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாகவோ இரத்தத்துடனோ போனால் உடனே வந்து சொல்லுங்கள். மலச்சிக்கல் வந்தால் தண்ணீரும் கீரையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தை இந்த மாத்திரைகளைத் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஒன்றிரண்டுதான் தின்றது என்று தோன்றினாலும் உறையையும் எடுத்துக்கொண்டு குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மாத்திரை தீர்வதற்கு முந்தைய வாரம் இந்த உறையுடன் வந்தால், இரத்தப் பரிசோதனை செய்த பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவர் சொல்வார்.